கடன் வாங்கிய தாடை

அன்று ஸ்டுடியோவில் இருந்தவர்கள் இவர்கள்.

முதலாளி, ஸ்டூல் மேல், கேமராவோடு. ஆபீஸ் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற டிரைவர், நாங்கள் ஆல்பம் ஒட்டும் பெஞ்சில் மல்லாந்து. அவர் மனைவி, தலைமாட்டில். அவர்கள் மகன், விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. டிரைவரின் கூட்டாளி, வாசலில், சிரிப்பை அடக்கிக்கொண்டு. நான், சுவர் ஓரமாக.

"இன்னா மச்சான், ஆப்பரேசனா?" என்றார் கூட்டாளி.

"வாய மூடுடா. சிரிச்சா பல்லு வுழுந்துடும்," என்றார் டிரைவர், உதட்டை அசைக்காமல்.

அறுபது வயது ஆளை இருபத்தாறு வயது ஆக்கத்தான் அவரைப் படுக்க வைத்திருந்தோம். அது எப்படி அங்கே வந்து முடிந்தது என்பதை முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் எட்டாவதோடு நின்றவள். வீடு சதுரங்கப்பட்டினம். கல்பாக்கம் கடைத்தெரு ஸ்டுடியோவுக்கு நடந்து வந்து வேலை பார்த்தேன். முதலில் ஆல்பம் ஒட்டும் வேலை. தொண்ணூறுகளில் எல்லாம் பிலிம்தான். கல்யாணப் படங்கள் கட்டுக் கட்டாக வரும். வரிசை வைத்து ஒட்டுவேன். ஒட்டி ஒட்டி முகம் பார்க்கப் பழகிவிட்டது. பெண் வீட்டுக் கூட்டம் எது, மாப்பிள்ளை வீட்டுக் கூட்டம் எது என்று காதைப் பார்த்தே பிரித்துவிடுவேன்.

இரண்டாயிரம் பிறந்த பிறகு முதலாளி கம்ப்யூட்டர் வாங்கினார். கொஞ்ச நாள் உட்கார்ந்தார். முதுகு வலி என்றார். என்னை உட்கார வைத்தார். அதில் இருந்த இங்கிலீஷ் எனக்குப் படிக்க வராது. எந்தப் படத்தை அழுத்தினால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டேன். அது போதுமானதாக இருந்தது.

வந்த வேலைகள் இவைதான். கண் மூடியவருக்குக் கண் திறப்பது. லுங்கியில் நின்றவருக்கு வேட்டி கட்டுவது. கல்யாணத்துக்கு வராத மாமாவைக் கடைசி வரிசையில் சேர்ப்பது. வயதைக் குறைக்கச் சொல்லி யாரும் வந்ததில்லை. கொஞ்சம் வெளுப்பாகப் போடு என்பார்கள், அவ்வளவுதான்.

அந்த அம்மா ஒரு மாலை வந்தார். பின்னாலேயே அவர் கணவர், மகன். அம்மா ஒரு பழைய படத்தை முந்தானையிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தார். கறுப்பு வெள்ளை. பத்தொன்பது வயதுப் பெண். ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, பூ வைத்த சடையை முன்னால் போட்டு, கேமராவை முறைத்தபடி.

"இது நான். பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னால எடுத்தது," என்றார். "எங்கம்மா வூட்டுல இருந்ததால தப்பிச்சுது."

மற்றவை தப்பவில்லை. தகரப் பெட்டிக்குள் மழைத் தண்ணீர் இறங்கி, கல்யாணப் படங்கள் எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டி ஒரே கட்டியாகிவிட்டன. தண்ணீரில் ஊற வைத்துப் பிரித்துப் பார்த்திருக்கிறார். மாப்பிள்ளையின் முகம் அடுத்த படத்தின் முதுகில் உரிந்து வந்துவிட்டது.

"வர்ற ஞாயித்துக்கெழம எங்களுக்கு அறுபதாம் கல்யாணம். திருக்கழுக்குன்றத்துல. இந்தப் படத்துக்குப் பக்கத்துல இவரு இருக்கணும். இப்ப இருக்கிற மாதிரி இல்ல. அப்ப இருந்த மாதிரி."

"எதப் பாத்து செய்யறது?" என்றேன்.

"இவரத்தான்," என்று கணவரைக் காட்டினார்.

டிரைவர் சிரித்தார். வாயில் முன்பல் ஒன்றுகூட இல்லை.

"இது ஆவற வேலையா?" என்றார். "தேய்ஞ்ச டயர குடுத்துட்டு புது வண்டி கேக்குறா."

"நீ சும்மா இருய்யா," என்றார் அம்மா.

மகனும் டிரைவரும் முதலாளியோடு பேசப் போனபோது அம்மா என் பக்கமாகக் குனிந்தார். மெதுவாகச் சொன்னார்.

"பொண்ணே, உன்கிட்ட சொல்றேன். கண்ண மூடினா முன்னல்லாம் அந்த மூஞ்சி வரும். இப்ப வர்றதில்ல. இப்ப இருக்குற மூஞ்சிதான் வருது. இதையே பாத்துகினு இருந்தேன்ல, அது அழிஞ்சிபோச்சி. பேரப்புள்ளைங்க இவர பொக்க தாத்தான்னு கூப்புடுதுங்க. நான் பொக்கையவா கட்டிகினேன்? எனக்கு ஒரு தபா அந்த மூஞ்சிய பாக்கணும்."

நான் தலையாட்டினேன்.

முதலாளி அன்றே டிரைவரைப் படம் எடுத்தார். எங்கள் ஸ்டுடியோ அறை சின்னது. கேமரா முகத்துக்குக் கிட்டே இருந்தது. கிட்டே வைத்து எடுத்தால் முன்னால் இருக்கிற மூக்கு பெரிதாகும், பின்னால் இருக்கிற காது சிறுத்து ஒளிந்துகொள்ளும். எனக்கு அது தெரியும். அன்றைக்குத் தோன்றவில்லை.

மறுநாள் வேலையை ஆரம்பித்தேன். அம்மாவும் மகனும் என் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். டிரைவர் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார்.

முதலில் கோடுகளை எடுத்தேன். கன்னத்தில் நல்ல தோல் இருக்கிற இடத்தை அச்சு எடுத்து, சுருக்கத்தின் மேல் ஒட்ட வேண்டும். நெற்றி போயிற்று, கண்ணோரம் போயிற்று, கழுத்து போயிற்று. முடித்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்து பார்த்தேன். இளைஞன் வரவில்லை. அறுபது வயது ஆள்தான். மாவு பூசிய மாதிரி இருந்தார்.

"அவிச்ச முட்ட மாதிரி கீது," என்றான் மகன்.

சரியாகத்தான் சொன்னான். வயது கோட்டில் மட்டும் இல்லை. மேலிமை இறங்கியிருக்கும். கன்னத்துச் சதை கீழே வந்து தாடையோரம் தொங்கும். மூக்கு நுனி தாழும், காது நீளும், உதடு மெலியும். தோலை மட்டும் துடைத்தால் அதெல்லாம் அப்படியே நிற்கும்.

ஒவ்வொன்றாகத் தூக்கினேன். இமையை ஏற்றினேன். கன்னத்தை மேலே தள்ளினேன். மூக்கு நுனியைச் சுருக்கினேன். காதைக் குறைத்தேன். ஒவ்வொன்றையும் செய்துவிட்டு, "சரியா?" என்று கேட்பேன். அம்மா, "இன்னும் கொஞ்சம்" என்பார். மகன், "இன்னும் கொஞ்சம்" என்பான். இடது புருவம் வலதைவிட மேலே இருந்தது. கோணலாக இருக்கிறதே என்று சமமாக்கினேன். மூக்குத் தண்டு லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நிமிர்த்தினேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நன்றாகத்தான் இருந்தது.

வகிடுக்குத்தான் சண்டை வந்தது. டிரைவரை உள்ளே கூப்பிட்டோம். திரையில் ஒரு பக்கத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இந்தப் பக்கம் எடுப்பேன்."

"இல்ல, அந்தப் பக்கம்," என்றார் அம்மா.

"என் தலைய வாரினது நானா நீயா?"

"பாத்தது நான்."

இருவரும் உண்மையைத்தான் சொன்னார்கள். அவர் தன் தலையைக் கண்ணாடியில் பார்த்தவர். கண்ணாடியில் தெரிவது மற்றவர்கள் பார்ப்பதற்கு மாற்றுப் பக்கம். அவர் காட்டியது கண்ணாடியில் பார்த்த பக்கம். சீப்பைக் கையில் கொடுத்து வாரிக் காட்டச் சொன்னேன். அவர் கை இடது பக்கம் போயிற்று. எதிரே நின்று பார்த்தால் அம்மா சொன்ன பக்கம்தான்.

"இத்தினி வருசம் என் வகிட மாத்திப் பாத்துகினு இருந்திருக்கேன்," என்று டிரைவர் சிரித்துவிட்டு மறுபடி டீக்கடைக்குப் போனார்.

தாடைதான் வரவில்லை. என்ன இழுத்தாலும் கிழத் தாடையாகவே இருந்தது. வாய் உள்ளே போய், மோவாய் முன்னால் வந்து, மூக்குக்கும் மோவாய்க்கும் நடுவில் இடமே இல்லாமல். ரொம்ப நேரம் மல்லுக்கட்டினேன். அப்போது திரும்பிப் பார்த்தேன். மகன் உட்கார்ந்திருந்தான். முப்பது வயது இருக்கும். நல்ல அழுத்தமான தாடை. அவன் அப்பாவுக்கு மகன்தானே என்று நினைத்தேன். முதலாளியிடம் சொல்லி அவனை ஒரு படம் எடுக்க வைத்தேன். அவன் வாயிலிருந்து மோவாய் வரை வெட்டி எடுத்து அப்பாவின் முகத்தில் பொருத்தினேன். நிறத்தைச் சேர்த்தேன். ஓரத்தைக் கரைத்தேன்.

பளிச்சென்று பொருந்திவிட்டது. பின்னால் அம்மா கையைத் தட்டினார்.

"இதான். இதான் பொண்ணே. ஷோக்கா கீது."

கறுப்பு வெள்ளை ஆக்கினேன். அம்மாவின் பழைய படத்தில் இருக்கிற சொரசொரப்பைப் போட்டேன். அவர் பக்கத்தில் உட்கார வைத்தேன். சட்டை, அங்கவஸ்திரம், நெற்றியில் பொட்டு. முதலாளி எட்டிப் பார்த்து, "சூப்பர்மா" என்றார். அவர் அப்படிச் சொல்வது அபூர்வம். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்.

அந்த நேரத்தில்தான் கூட்டாளி வந்தார். பூமாலைக்குச் சொல்லிவிட்டு வருவதற்காக இவர்களைக் கூட்டிப்போக வந்தவர். டிரைவரும் அவரும் சின்ன வயதிலிருந்தே ஒன்றாக வண்டி ஓட்டியவர்கள். அணுமின் நிலையத்து டவுன்ஷிப் கட்டுகிற காலத்தில் இருவரும் லாரி ஓட்டினார்களாம். உள்ளே வந்தார், திரையைப் பார்த்தார். முகத்தில் மலர்ச்சி.

"அட, தங்கச்சி. உன் சின்ன வயசு போட்டோவா? பக்கத்துல யாரு, உன் அண்ணனா? அப்படியே உன் ஜாடை."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"இன்னா, நான் எதுனா தப்பா சொல்லிட்டனா?"

"அது எங்க நைனா," என்றான் மகன்.

கூட்டாளி மறுபடி பார்த்தார். "உங்க நைனாவா? போடா. இவனுக்கும் அவனுக்கும் இன்னா சம்பந்தம்? இது தங்கச்சி மோவாயி. உன் மோவாயும் அதான். மாப்பிள்ளையும் பொண்ணும் அண்ணன் தங்கச்சி மாதிரி குந்திகினு கீறாங்க. இதப் பந்தல்ல மாட்டினா ஊரே சிரிக்கும்."

அம்மா ஓர் அடி பின்னால் போய்ப் பார்த்தார். நானும் பார்த்தேன். மோவாயில் நடுவில் ஒரு சின்னக் குழி. அம்மாவுக்கு இருந்தது. மகனுக்கு இருந்தது. இப்போது திரையில் இருந்த மாப்பிள்ளைக்கும் இருந்தது. மகன் அப்பாவுக்கு மட்டும் மகன் இல்லையே. காதைப் பார்த்து வீட்டைச் சொல்கிறவள் நான். எனக்குத் தெரியவில்லை.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்குத்தி ஆடச் சிரித்தார். "அய்யய்ய, எம் மூஞ்சிய நானே கட்டிகினேனே" என்றார். மகனும் சிரித்தான். வெளியே இருந்து டிரைவர் ஓடி வந்து, என்ன என்று கேட்டுவிட்டு, அவரும் சிரித்தார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்த தண்ணீர் முக்கால்வாசி.

"இல்ல பொண்ணே," என்றார் அப்புறம். "இது வேணாம். இதப் பாத்துட்டேன்னா இனிமே இதுதான் வரும், கண்ண மூடினா."

ஞாயிற்றுக்கிழமைக்கு நாட்கள் குறைவாக இருந்தன. நான் அந்தப் படத்தை மூடி வைத்தேன். டிரைவரை முதலில் எடுத்த அசல் படத்தைத் திறந்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

அப்போதுதான் புரிந்தது. தாடை மட்டும் இல்லை. அதற்கு முன்னாலேயே ஆள் போய்விட்டார். ஒவ்வொரு திருத்தத்தையும் அதற்கு முந்தின திருத்தத்தோடுதான் ஒப்பிட்டுப் பார்த்தேன். அதற்கு இது கிட்டே இருந்தது, இதற்கு அடுத்தது கிட்டே இருந்தது. கடைசிப் படத்தை முதல் படத்தோடு வைத்துப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களும் என் கூடவே கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துவிட்டார்கள். கோணல் புருவத்தை நேராக்கினேன், சாய்ந்த மூக்கை நிமிர்த்தினேன். அழகாயிற்று. அவர் இல்லாமல் போனார். கடையில் தொங்கும் சட்டை விளம்பரத்து ஆள் மாதிரி யாரோ ஒருவர். கூட்டாளி நடுவில் ஒரு திருத்தத்தையும் பார்க்காமல் வந்தவர். அதனால் அவர் கண்ணில் பட்டது.

இதை நான் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. "முதல்லேருந்து செய்யறேன்" என்று மட்டும் சொன்னேன்.

"தாடைக்கு இன்னா பண்ணுவ?" என்றான் மகன்.

"தெரியல."

அம்மா கணவரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இடுப்பில் கையை வைத்தார்.

"யோவ். பொண்ணு பாக்க வந்தப்ப உனக்குப் பல்லு இருந்துச்சில்ல?"

"இருந்துச்சி. அதுக்கு இன்னா இப்ப?"

"செட்டு எங்க?"

டிரைவர் கூரையைப் பார்த்தார்.

பல் செட்டு கட்டி வருஷம் ஆகியிருந்தது. மகன் செங்கல்பட்டுக்குக் கூட்டிப்போய்க் கட்டியது. ஈறு வலிக்கிறது, சாப்பாடு ருசி இல்லை என்று டிரைவர் அதைப் போடுவதே இல்லை. இதற்காக வீட்டில் தினமும் பேஜாருதான் என்று மகன் சொன்னான். செட்டு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், அலமாரியில், சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. மகன் போய் எடுத்து வந்தான்.

"போடு," என்றார் அம்மா.

"மாட்டேன். நாக்கு இடிக்கிது."

"மச்சான், போட்டுக்கடா. ஒரு போட்டோவுக்குத்தான்," என்றார் கூட்டாளி. "இல்லாங்காட்டி தங்கச்சி அவங்க அண்ணனையே கட்டிகினு போயிடும்."

டிரைவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் போட்டுக்கொண்டார். திரும்பினார்.

எல்லோரும் பார்த்தோம். உள்ளே போன உதடு வெளியே வந்துவிட்டது. மூக்குக்கும் மோவாய்க்கும் நடுவில் இடம் வந்துவிட்டது. முன்னால் துருத்திய மோவாய் தன் இடத்துக்குப் பின்வாங்கிவிட்டது. பல் போனால் வாய் மட்டும் போவதில்லை, தாடை மேலே ஏறி முகமே குட்டையாகிவிடும். கம்ப்யூட்டரில் ஒருநாள் முழுக்க இழுத்தும் வராதது டப்பாவில் இருந்து வந்தது.

"பாருடா," என்றார் கூட்டாளி, சத்தம் இல்லாமல்.

இந்தத் தடவை முதலாளி டிரைவரை வாசல் வராந்தாவில் உட்கார வைத்து, தெருவுக்கு அந்தப் பக்கம் போய் நின்று, லென்ஸை நீட்டி எடுத்தார். மூக்கு மூக்கின் அளவில் வந்தது. காது தெரிந்தது. நடுவில் டவுன்ஷிப் பஸ் ஒன்று நின்றுவிட்டது. டிரைவர் அந்த பஸ்ஸின் டிரைவருக்குக் கையாட்டினார். மறுபடி எடுக்க வேண்டியிருந்தது.

அப்புறம்தான் பெஞ்சில் படுக்க வைத்தது. அது முதலாளியின் யோசனை. உட்கார்ந்தால் கன்னம் கீழே தொங்குகிறது. படுத்தால் அது பின்னால் போய்விடும். தொங்காமல் இருந்தபோது கன்னமும் கண்ணோரமும் எப்படி இருந்திருக்கும் என்று கொஞ்சம் தெரியும். அச்சாக எடுக்க அல்ல, பார்த்துச் செய்ய. விளக்கு எந்தப் பக்கம் என்று நான் சொன்னேன். அம்மாவின் பழைய படத்தில் வெளிச்சம் இடது பக்கத்து ஜன்னலிலிருந்து வந்திருந்தது. மாப்பிள்ளைக்கும் அங்கேயிருந்துதான் வரவேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பேரும் இரண்டு வேறு ஊரில் உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

அப்போது கூட்டாளி கேட்டதுதான் முதலில் சொன்ன ஆப்பரேசன் கேள்வி. சிரித்தால் பல் விழும் என்று டிரைவர் சொன்னதும், விளக்கைப் பிடித்திருந்த மகன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். வெளிச்சம் சுவரெல்லாம் ஓடியது. முதலாளி ஸ்டூலிலிருந்து இறங்கி, சிரித்து முடித்துவிட்டு, மறுபடி ஏறினார்.

படம் எடுத்ததும் எல்லோரையும் வெளியே போகச் சொன்னேன்.

"நானுமா?" என்றார் அம்மா.

"நீங்கதாம்மா முதல்ல. கூட இருந்து பாத்தா பழகிடும். முடிஞ்சப்புறம் பாருங்க."

அம்மா முகம் சுருங்கியது. பிறகு, "சரி. நீ சொல்றது சரிதான்," என்று போய்விட்டார்.

தனியாக உட்கார்ந்து செய்தேன். அசல் படத்தை இடது பக்கம் திறந்தே வைத்திருந்தேன். ஒவ்வொன்று செய்த பிறகும் அசலைத்தான் பார்த்தேன், முந்தினதைப் பார்க்கவில்லை. அடிக்கடி புதுப் படத்தைப் பாதி மங்கலாக்கி அசலின் மேல் வைத்துப் பார்ப்பேன். கண் மேல் கண் உட்கார வேண்டும். வளர்ந்த ஆளுக்கு இரண்டு கண்ணுக்கும் நடுவில் இருக்கிற தூரம் மாறுவதில்லை. அது நகர்ந்திருந்தால் நான் ஆளைத் தொலைத்துக்கொண்டு இருக்கிறேன் என்று அர்த்தம். சில சமயம் படத்தைத் தலைகீழாகப் போட்டுப் பார்த்தேன். தலைகீழாக இருந்தால் அழகு தெரியாது, வித்தியாசம் மட்டும் தெரியும்.

இடது புருவத்தை மேலேயே விட்டேன். மூக்குச் சாய்வை விட்டேன். காதை லேசாகக் குறைத்தேன். அதன் மடல் கன்னத்தோடு ஒட்டியிருக்கிற விதத்தைத் தொடவில்லை. வாயோரக் கோட்டை முழுக்க எடுக்கவில்லை. சிரிக்கிற ஆளுக்கு இருபத்தாறிலும் அந்தக் கோடு மெலிசாக இருந்திருக்கும். மகனின் படத்தைத் திறக்கவே இல்லை.

முடி மட்டும் நானாகப் போட வேண்டியிருந்தது. நெற்றியில் எவ்வளவு இறங்கியிருந்தது, கிருதா எவ்வளவு நீளம் என்று கூட்டாளியைக் கேட்டு வைத்திருந்தேன். "காதுக்குக் கீழ வரைக்கும் வுட்டிருப்பான். பெரிய ஹீரோன்னு நெனப்பு," என்று சொல்லியிருந்தார். முதலாளியின் பழைய கல்யாண ஆல்பத்தில் அந்தக் காலத்து ஆண் தலைகளைப் பார்த்துச் செய்தேன். அது சரியா தப்பா என்று இன்றைக்கும் தெரியாது. தெரியாத இடம் அதில் இருக்கிறது. எப்படிச் செய்தாலும் கொஞ்சம் இருக்கும்.

முடிந்தது. முதலில் செய்ததைவிட இது அழகு குறைவு. முதலாளி பார்த்தார். "முன்னது நல்லா இருந்துச்சேம்மா" என்றார்.

"ஆமா," என்றேன்.

சனிக்கிழமை மாலை எல்லோரும் வந்தார்கள். அம்மா வாசலில் நின்றுவிட்டார். உள்ளே வரவில்லை.

"மொதல்ல அண்ணன் பாக்கட்டும்," என்றார்.

கூட்டாளி உள்ளே வந்தார். நான் ஒன்றும் சொல்லாமல் திரையைத் திருப்பினேன். மாப்பிள்ளை முகம் மட்டும். பக்கத்தில் யாரும் இல்லை.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு திரையை நோக்கி விரலை நீட்டினார்.

"டேய். என் சைக்கிள் எங்கடா?"

வெளியே டிரைவர் வெடித்துச் சிரித்தார். அந்தக் கதை அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பெண் பார்த்துவிட்டுப் போன பிறகு, ஆசை தாங்காமல், கூட்டாளியின் சைக்கிளைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு டிரைவர் மாமல்லபுரம் போயிருக்கிறார். அம்மாவின் ஊர் அங்கே. கடற்கரைச் சவுக்குத் தோப்பில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, அம்மா தண்ணீர் எடுக்க வருவதைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார். திரும்பி வந்தால் சைக்கிள் இல்லை. கல்பாக்கத்துக்கு நடந்தே வந்தாராம்.

"மறுநா காலீல இதே மூஞ்சியோடதான் வந்து நின்னான்," என்றார் கூட்டாளி. "ஒரு புருவத்த தூக்கிகினு. திருடு போச்சின்னு சொல்ல வந்தவன், சிரிச்சிகினு நிக்கிறான்."

அம்மா உள்ளே வந்தார். நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். அவர் உட்காரவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். ரொம்ப நேரம். டிரைவர் பின்னால் வந்து நின்றார். பல் செட்டு போட்டிருந்தார். யாரும் சொல்லவில்லை, அவராகப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

அம்மா கண்ணை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

"வருதாம்மா?" என்றேன்.

"வருது," என்றார். "கிருதா இவ்ளோ நீளம் இல்ல. ஆனா வருது."

கிருதாவைக் குறைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை திருக்கழுக்குன்றத்துக்கு நானும் போனேன். கல்யாணத்துக்கு ஆல்பம் ஒட்டியிருக்கிறேன், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டது குறைவு. படம் மண்டப வாசலில், மாலை போடாமல், பொட்டு மட்டும் வைத்து நின்றது. மாலை போட்டால் வேறு அர்த்தம் ஆகிவிடும் என்று அம்மா கவனமாக இருந்தார். வருகிறவர்கள் எல்லாம் படத்துக்கு முன்னால் நின்றார்கள். பேரப்பிள்ளைகள் படத்தைப் பார்ப்பதும், மேடையில் இருக்கிற தாத்தாவைப் பார்ப்பதுமாக ஓடிக்கொண்டிருந்தன. கடைசிப் பேத்தி தாத்தாவின் புருவத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

தாலி கட்டும்போது டிரைவர் வாய்விட்டுச் சிரித்தார். கூட்டாளி கீழே இருந்து, "மச்சான், பல்லு, பல்லு," என்றார். மண்டபமே சிரித்தது. பல் விழவில்லை.

சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். அம்மா தேடி வந்தார். கழுத்தில் மாலை, கையில் மஞ்சள். என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொண்ணே, இன்னும் காப்பி வேணும். போடுவியா?"

"போடறேன்மா. எத்தினி?"

விரலை மடக்க ஆரம்பித்தார்.

"வூட்டு சொவத்துக்குப் பெரிசா ஒண்ணு. பையனுக்கு ஒண்ணு. ஊரப்பாக்கத்துல பொண்ணு இருக்குது, அதுக்கு ஒண்ணு. பேரப்புள்ளைங்க அஞ்சு, ஆளுக்கு ஒண்ணு. இல்லன்னா அடிச்சிக்கும். சைக்கிள பறிகுடுத்த அண்ணனுக்கு ஒண்ணு. உனக்கு ஒண்ணு, வேணாம்னு சொல்லாத." கொஞ்சம் நிறுத்தினார். "என் பையில வெச்சிக்க ஒண்ணு. சின்னதா."

மொத்தம் பதினொன்று.